வீழாத பொம்மையும் மாறிய வேடனும்



கன்னடத் திரையுலகின் பெருங்கலைஞர் ராஜ்குமார் கதாநாயகராக முதன்முதல் தோன்றியது 1954-ஆம் ஆண்டில். படத்தின் பெயர் 'பேடர கண்ணப்ப'. நம் பெரியபுராணத்தில் வரும் கண்ணப்ப நாயனாரின் வரலாறே அதன் கதை. வேட்டையன்றி வேறொன்றும் அறியாத ஒருவன் ஒரு கணத்தில் அடியாராக மாறிவிடுகிறான். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1971-இல், அதே நடிகர் 'கஸ்தூரி நிவாஸ' என்னும் படத்தில் தோன்றினார். அதில் அவர் ஏற்ற பாத்திரமோ தொடக்கத்தில் எப்படி இருந்ததோ முடிவிலும் அப்படியே இருக்கிறது. மாறுவன எல்லாம் அவரைச் சுற்றி இருப்பவையே. செல்வம் மாறுகிறது, நண்பர் மாறுகின்றனர், வீடு கைமாறுகிறது. அவர் ஒருவர் மட்டும் மாறவில்லை.

மாறும் தலைவன் ஒருவன், மாறாத தலைவன் ஒருவன். இவ்விரு வகையினரை வைத்துக் கதை பின்னுவது எப்படி, எவ்வகையில் எது கடினம், எங்கே அது பிழைபடுகிறது என்பவற்றை இவ்விரு படங்களைத் துணையாகக் கொண்டு எண்ணிப் பார்ப்போம். தமிழர்களாகிய நமக்கு இவை அயலார் கதைகளும் அல்ல. முன்னதன் மூலம் சேக்கிழாருடையது. பின்னதன் கதையை எழுதியவர் தமிழ்த் திரைக்கதை எழுத்தாளராகிய ஜி. பாலசுப்பிரமணியம். ராஜ்குமாரும் பிறந்தது இன்றைய ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிக்கு அருகில் உள்ள காஜனூரிலேதான். மாநில எல்லைக் கோடுகளைக் கதைகளும் கலைஞர்களும் பெரிதாக மதிப்பதில்லை போலும்.

'கஸ்தூரி நிவாஸ' என்பது ஒரு வீட்டின் பெயர். அதில் வாழ்பவர் ரவிவர்மா என்னும் செல்வர். தீப்பெட்டித் தொழிற்சாலையின் உரிமையாளர். மனைவியையும் மகளையும் இழந்தவர். கேட்டவர்க்கு இல்லை என்னாமல் கொடுப்பது அவருடைய வழக்கம். அவரிடம் வேலை பார்க்கும் சந்துரு என்னும் இளைஞனும், நீலா என்னும் பெண்ணும் அவருக்கு நெருக்கமாகின்றனர். நீலாவின்மீது ரவிவர்மாவுக்கு உள்ளத்தில் விருப்பம் உண்டு. ஆயினும் அவளும் சந்துருவும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர் என்று அறிந்ததும், தம் விருப்பத்தை அடக்கிக்கொண்டு அவர்களுக்கு வாழ்வு அமைத்துக் கொடுக்கிறார். பின்னர்ச் சந்துரு தனியே தொழில் தொடங்கி மேலே மேலே உயர்கிறான். ரவிவர்மாவின் தொழில் நொடிக்கிறது. கையிருப்புக் கரைகிறது. கொடுக்கும் வழக்கம் மட்டும் கரையவில்லை. இறுதியில் அந்த வீடும் அவர் கையை விட்டுப் போகிறது.

வறுமையின் அடித்தளத்தில் அவர் கிடக்கும்போது ஒருநாள் நீலா அவரைக் காண வருகிறாள். வந்தவளுக்கு உணவிட வேண்டும். வீட்டிலோ ஒன்றும் இல்லை. எஞ்சியிருப்பது அவர் செல்லமாக வளர்த்த ஒரு புறா. அந்தப் புறாவை இழந்தே அன்றைய விருந்து அமைகிறது. உண்டு முடித்தபின் நீலா தான் வந்த காரியத்தைச் சொல்கிறாள். அவள் குழந்தை அந்தப் புறாவைக் கேட்டு ஏங்குகிறது. அதைத் தரவேண்டும் என்கிறாள். கேட்டது எதையும் மறுத்தறியாத மனிதர், தம் வாழ்வில் முதன்முறையாக, கேட்டதைக் கொடுக்க இயலாதவராக நிற்கிறார். அந்த நிலையை அவர் உயிர் தாங்கவில்லை.

இக்கதையில் தலைவனுடைய இயல்பில் ஒரு மாற்றமும் இல்லை என்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அப்படியானால் இரண்டரை மணி நேரம் நம்மைக் கட்டி வைப்பது எது?

இதற்கு விடை அப்படத்திலேயே ஒரு பாடலில் இருக்கிறது. அப்பாடல் சாய்ந்தாடும் பொம்மை ஒன்றைப் பற்றியது. பாடியவர் நாம் நன்கு அறிந்த பி. பி. ஸ்ரீனிவாஸ். மகிழ்ச்சிக் குரலில் ஒருமுறையும் துயரக் குரலில் ஒருமுறையுமாக அது படத்தில் இருமுறை வருகிறது. பொம்மை என்னவோ அதே பொம்மைதான். அதைப் பற்றிப் பாடும் மனிதரின் நிலைதான் வேறு. நம் தஞ்சாவூரில் செய்யும் ராஜா ராணி பொம்மையை நீங்கள் அறிவீர்கள். அதன் அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். மேற்பாகம் இலேசாக இருக்கும். பொம்மையின் எடை எல்லாம் கீழே திரண்டிருப்பதால், அதைச் சாய்க்கும்போது அந்த எடை சற்றே மேலே தூக்கப்படுகிறது. விட்டதும் எடை தன் பழைய இடத்தை நாடி இறங்குகிறது, பொம்மை நிமிர்ந்துவிடுகிறது. மேசையில் ஆணி அடித்து நிறுத்திய பொம்மையும் விழாதுதான். ஆனால் அதைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிரிப்பதில்லை. சாய்கிறது, தரையைத் தொடும் அளவுக்குச் சாய்கிறது, ஆயினும் எழுகிறது என்பதிலேதான் வேடிக்கை இருக்கிறது.

மாறாத தலைவனின் இலக்கணமும் இதுவே. அவன் அசையாதவன் அல்லன். அசைக்கப்பட்டும் தன் நிலைக்குத் திரும்புகிறவன். ரவிவர்மாவுக்கு நீலாவின்மீது விருப்பமே எழாதிருந்தால், அவர் விட்டுக்கொடுத்ததில் நமக்கு ஒரு வியப்பும் இராது. விருப்பம் எழுந்தது, உள்ளம் சாய்ந்தது, பின்பு நிமிர்ந்தது. அந்தச் சாய்வை நம் கண்ணில் காட்டாத ஆசிரியன் தன் தலைவனைச் சிலையாக்கிவிடுகிறான். சிலையை வணங்கலாம், அதனோடு சேர்ந்து அழ முடியாது.

இவ்வகைக் கதையை நடத்திச் செல்வதற்கு இன்னொரு பொறியும் வேண்டும். தலைவனின் இயல்பு மாறாது என்றால், அவ்வியல்புக்கு அவன் கொடுக்கும் விலையாவது மாறிக்கொண்டே வரவேண்டும். 'கஸ்தூரி நிவாஸ'வில் அந்த விலை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். முதலில் அவர் கொடுப்பது பணம். பணம் மிகுதியாக இருக்கும்போது அதைக் கொடுப்பதில் வலி இல்லை. அடுத்து அவர் விட்டுக்கொடுப்பது தாம் விரும்பிய பெண்ணை. அதன்பின் தொழில் போகிறது, வீடு போகிறது, வீட்டோடு, மனைவியும் மகளும் வாழ்ந்த நினைவுகள் குடியிருந்த சுவர்களும் போகின்றன. கடைசியில் மிஞ்சுவது ஓர் உயிர். அதுவும் போகிறது. செயல் ஒன்றே, கொடுத்தல். விலை மட்டும் படிப்படியாக ஏறுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். புறாவை முதலிலும் பணத்தை முடிவிலும் வைத்தால், நிகழ்ச்சிகள் எல்லாம் அவையே ஆயினும் கதை செத்துப்போகும்.

விலை ஏறுவதோடு, அதைக் கண்டு மாறுவதற்கு அருகில் ஒருவர் இருக்கவும் வேண்டும். இது பலர் கண்ணுக்குத் தப்பும் செய்தி. மாறாத தலைவனுடைய கதையிலும் மாற்றம் உண்டு. அது தலைவன் உள்ளத்தில் நிகழாமல் பிறர் உள்ளத்தில் நிகழ்கிறது. ஏழையாக இருந்த சந்துரு செல்வனாக மாறுகிறான். நீலா, தன் வாழ்வு யார் கொடுத்தது என்பதை, விருந்து முடிந்த அந்தக் கணத்தில் முழுதும் உணர்கிறாள். நாம் நம்மை அறியாமல் ரவிவர்மாவின் பக்கம் நிற்பதில்லை. அவர் அளவுக்கு உயர நம்மால் ஆகாது. நாம் நிற்பது நீலாவின் பக்கம். அவள் வழியாகவே அவரைக் காண்கிறோம். அதனால்தான் இறுதிக் காட்சியின் அடி அவர்மீது விழுவதைவிட அவள்மீது வலிமையாக விழுகிறது. அவர் இறந்துவிடுகிறார்; அவள் அந்த உணவை உண்ட நினைவோடு இனி வாழவேண்டும்.

இந்தப் புறாக் காட்சிக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த பொக்காச்சியோ 'டெக்கமரான்' என்னும் நூறு கதைகள் கொண்ட நூலை எழுதினார். அதில் ஐந்தாம் நாளின் ஒன்பதாம் கதை பெடரிகோ என்பவனைப் பற்றியது. அவன் ஜியோவன்னா என்னும் மாதின்மீது கொண்ட காதலால் விழாக்களும் விருந்துகளும் நடத்தித் தன் செல்வம் முழுவதையும் செலவிட்டுவிடுகிறான். அவளோ மணமானவள், அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிஞ்சியவை ஒரு சிறு நிலமும், வேட்டைப் பயிற்சி பெற்ற ஓர் அரிய வல்லூறும். ஜியோவன்னா கைம்பெண் ஆகிறாள். அவள் மகன் நோயுற்று, அந்த வல்லூறு கிடைத்தால் பிழைப்பேன் என்கிறான். அவள் பெடரிகோவின் குடிசைக்கு விருந்தாகச் செல்கிறாள். வீட்டில் ஒன்றும் இல்லாததால் அவன் வல்லூற்றையே சமைத்துப் படைக்கிறான். உண்டபின் அவள் கேட்பது அதையே.

இரண்டு கதைகளின் எலும்பும் ஒன்றே என்பது தெளிவு. வேறுபாடு முடிவில் இருக்கிறது. புளோரன்ஸ் கதையில் சிறுவன் இறந்துவிடுகிறான். ஆனால் ஜியோவன்னா தமையன்மாரின் தடையைப் பொருட்படுத்தாமல் பெடரிகோவையே மணக்கிறாள். அவனுக்குச் செல்வமும் வந்து சேர்கிறது. மேலும், அதன்பின் அவன் தன் பொருளை முன்னைவிடச் செட்டாக நடத்தினான் என்று பொக்காச்சியோ ஒரு சிறு குறிப்பும் வைக்கிறார். அந்தக் குறிப்பை நாம் விட்டுவிடக் கூடாது. கதை முழுவதும் மாறாதிருந்தவன், கதை முடியும் வாயிலில், ஒரு செய்தியில் மட்டும் மாறிவிட்டான்! அன்பில் மாறவில்லை, செலவில் மாறினான். வணிகர் நகரமாகிய புளோரன்ஸுக்கு அந்த முடிவு பொருத்தமே.

ரவிவர்மாவுக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. ஏன்? பெடரிகோ கொடுத்தது ஒருத்தியின் மனத்தைப் பெறுவதற்காக. பெற்றபின் கொடுக்கும் வேகம் தணிவது இயல்பே. ரவிவர்மா எதையும் பெறுவதற்காகக் கொடுக்கவில்லை. கொடுத்தல் அவருக்கு வழியன்று, அதுவே அவர். ஆகையால் கொடுக்க இயலாத நாளில் அவர் இருப்பதற்கு இடமில்லாமல் போகிறது. இந்த முடிவைச் சோக ரசத்துக்காக ஒட்டவைத்த முடிவு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. அவ்வியல்பை இறுதிவரை பின்தொடர்ந்தால் வந்து சேரும் இடம் அதுவே.

நம் புறநானூறு இதை அறியாததன்று. முதிரமலைத் தலைவன் குமணன், தம்பி இளங்குமணனிடம் நாட்டை இழந்து காட்டில் வாழ்கிறான். அங்கும் பெருந்தலைச் சாத்தனார் பரிசில் நாடிச் செல்கிறார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத குமணன், தன் தலையைக் கொண்டுசென்று பொருள் பெற்றுக்கொள்ளுமாறு வாளை நீட்டுகிறான். புலவர் தலையைக் கொள்ளவில்லை. வாளை மட்டும் வாங்கிக்கொண்டு போய் இளங்குமணனிடம் காட்டுகிறார். குமணனிடம் மாற்றம் இல்லை. மாற வேண்டியவன் தம்பி. புலவர் எவ்வளவு நுட்பமாக அந்த வாளை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் பாருங்கள். மாறாதவனின் செயல் மாறவேண்டியவன் கண்ணில் படாவிட்டால் கதை காட்டோடு முடிந்திருக்கும். 'கஸ்தூரி நிவாஸ'வில் அந்த வாளைச் சுமந்து செல்லும் புலவர் எவரும் இல்லை. நீலா தானே தேடி வந்து, தானே அறியாமல் அதைப் பற்றிவிடுகிறாள்.

இனி மாறிய வேடனிடம் வருவோம். திரைப்படத்தைக் காட்டிலும் சேக்கிழாரின் முறை தெளிவானது என்பதால் அதையே கைக்கொள்வோம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேட்டுவர் தலைவன் நாகனின் மகன் திண்ணன். தந்தை முதுமை எய்தியதால் தலைமை ஏற்று முதல் வேட்டைக்குச் செல்கிறான். ஒரு காட்டுப் பன்றி தப்பி ஓடுகிறது. அதைத் துரத்தி நெடுந்தொலைவு ஓடிக் கொன்று, பொன்முகலி ஆற்றங்கரையை அடைகிறான். எதிரே காளத்தி மலை தெரிகிறது. ஏறிச் சென்று குடுமித்தேவரைக் கண்ட அளவில் அவன் உள்ளம் உருகிவிடுகிறது. அவ்வளவுதான், மாற்றம் நிகழ்ந்துவிட்டது. வேட்டையும் ஊரும் தலைமையும் அவன் நினைவிலிருந்து நீங்குகின்றன.

இத்தனை விரைவாக ஒருவன் மாறுவதை நாம் எப்படி நம்புகிறோம்? இங்கேதான் சேக்கிழாரின் ஆற்றலைக் காண்கிறோம். திண்ணனின் நாட்டம் மாறியதே தவிர, கைகள் மாறவில்லை. அவன் வேடனாகவே வழிபடுகிறான். இரண்டு கைகளிலும் வில்லும் இறைச்சியும் இருப்பதால் திருமஞ்சன நீரை வாயில் கொண்டு வருகிறான். பூவைத் தலைமுடியில் செருகி வருகிறான். இறைச்சியைத் தானே மென்று சுவை பார்த்துப் படைக்கிறான். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நிற்கிறான். ஆறாம் நாள் குடுமித்தேவரின் கண்ணில் குருதி பெருகும்போது, யாரோ அம்பெய்தார் என்றே முதலில் எண்ணிப் பகைவரைத் தேடுகிறான். பிறகு காட்டுப் பச்சிலைகளைப் பறித்து வந்து பிழிகிறான். அதுவும் பயன்படாதபோது தசைக்குத் தசையே மருந்து என்னும் வேட்டுவர் முறையை நினைக்கிறான். தன் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்புகிறான். மற்றைக் கண்ணிலும் குருதி வருகிறது. இதையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அடையாளத்துக்குத் தன் காலை அங்கே ஊன்றிக்கொள்கிறான். குறி தப்பக் கூடாது என்பது வில்லாளியின் கவலை அன்றோ!

மாறும் தலைவனைப் படைப்பவர் கற்றுக்கொள்ளவேண்டிய நுட்பம் இது. மாறியபின்னும் இவன் அவனே என்று நாம் இனங்காணும்படி ஏதேனும் ஒன்று அவனிடம் மாறாமல் இருக்கவேண்டும். பழைய தொழிலின் கருவிகளும் பழக்கங்களும் புதிய நோக்கத்துக்கு ஏவல் செய்யவேண்டும். மறுநாள் காலையில் திண்ணன் நீராடி, நீறு பூசி, ஆகமப்படி பூசை செய்யத் தொடங்கியிருந்தால், ஒரு வேடன் மறைந்து வேறொருவன் வந்து நிற்பதாகவே நாம் கொண்டிருப்போம்.

அதுவன்றி, மாற்றத்துக்குச் சான்றும் வேண்டும். கண்டவுடன் உருகியது மாற்றத்தின் தொடக்கம். கண்ணைக் கொடுத்தது அதற்குச் சான்று. இரண்டுக்கும் இடையே ஆறு நாள் ஓடுகிறது. நம் திரைப்படங்களில் பல, இந்த ஆறு நாளை விழுங்கிவிடுகின்றன. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடியவன் ஒருவன் அறிவுரை கேட்டு அழுகிறான். அடுத்த காட்சியில் போலீஸார் வந்து அவனை அழைத்துச் செல்கின்றனர். திருந்திவிட்டேன் என்று அவன் சொல்வதை நாம் நம்பிவிட வேண்டும்! வாயால் சொன்ன மாற்றத்துக்கு விலை இல்லை. எதையேனும் இழக்கும்படி ஒரு தேர்வு வந்து, அதில் பழைய மனிதன் எடுத்திராத முடிவைப் புதிய மனிதன் எடுக்கும்போதே நாம் நம்புகிறோம்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நாள்தோறும் பூசை செய்ய வரும் சிவகோசரியார் மலையில் இறைச்சி சிதறிக்கிடப்பதைக் கண்டு பதைக்கிறார், துப்புரவு செய்துவிட்டுப் போகிறார், மறுநாளும் அவ்வாறே. ஐந்து நாள் இந்த மறைவான போராட்டம் நடக்கிறது. முடிவில் இறைவன் கனவில் உணர்த்த, அவர் ஒளிந்திருந்து, வேடனின் அன்பைக் கண்ணாரக் காண்கிறார். நெறி தவறாத அவ்வந்தணரின் அறிவே கடைசியில் மாறுகிறது. திண்ணன் முதல் நாளிலேயே மாறிவிட்டான்; பின்வரும் ஐந்து நாளும் அவன் நிலைபெயராதவன். அப்படியானால் கண்ணப்பர் வரலாறு மாறும் தலைவனின் கதையாகத் தொடங்கி, மாறாத தலைவனின் கதையாக முடிகிறது என்றே சொல்லவேண்டும். இலக்கணம் வகுப்பவர் போடும் வேலிகளைப் பெருங்கவிஞர் இவ்வாறுதான் எளிதில் தாண்டிவிடுகிறார்.

மீண்டும் ரவிவர்மாவிடம் செல்வோம். அவர்மேல் ஒரு வலிய குற்றச்சாட்டு உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. தொழில் நொடிக்கும் காலத்திலும் கொடுத்துக்கொண்டே இருப்பது அறமா, அறியாமையா? ஒரு தொழிற்சாலை அதன் முதலாளிக்கு மட்டும் சோறு போடுவதில்லை. அது மூடப்பட்டால் அங்கே தீக்குச்சி அடுக்கியவர்களின் நிலை என்ன? மாறாமை ஒருவனுக்கு அழகாக இருக்கலாம். அவனை நம்பியிருப்பவர்களுக்கு அது கேடாகவும் முடியலாம். இந்த வினாவைப் படம் ஆழமாகத் தொடவில்லை என்பதே நம் கருத்து. சந்துருவை முழுக் கொடியவனாகக் காணும் இரசிகர்கள் பலர். காலத்தோடு மாறத் தெரிந்தவன் அவன்; தொழிலை வளர்த்தவன். அவனுடைய நியாயத்தையும் இன்னும் சிறிது கேட்டிருந்தால், ரவிவர்மாவின் மாறாமை மேலும் ஒளிபெற்றிருக்கும். எதிர்த்தரப்பு வலுவாக இருக்கும்போதுதான் நிலைத்து நிற்பது ஒரு செயலாகிறது. எல்லாரும் போற்ற, ஒருவரும் மறுக்காத இடத்தில் நிலைத்து நிற்பது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் போன்றதே.

ஆயினும் படத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ரவிவர்மா தம்மை யாருக்கும் எடுத்துக்காட்டாக நிறுத்தவில்லை. நீங்களும் இப்படி இருங்கள் என்று சொல்லவில்லை. மாறாத தலைவன் மேடையேறிப் பேசத் தொடங்கும் கணத்தில் கதை பிரசாரமாகிவிடுகிறது. ராஜ்குமார் இப்பாத்திரத்தை அடக்கிய குரலில், குறைந்த அசைவுகளோடு நடித்திருப்பது இதனால்தான் பொருந்துகிறது.

இக்கதை 1974-இல் 'ஷாந்தார்' என்ற பெயரில் இந்தியிலும், 1975-இல் 'அவன்தான் மனிதன்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. தமிழில் ஏ. சி. திருலோகசந்தர் இயக்கினார், சிவாஜி கணேசன் நடித்தார், அது அவருடைய 175-ஆவது படம். ஜெயலலிதா, முத்துராமன், மஞ்சுளா ஆகியோர் உடன் நடித்தனர். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு எது உயர்ந்தது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு வேற்றுமையை மட்டும் சுட்டலாம். சிவாஜி உள்ளத்தின் ஒவ்வொரு சாய்வையும் முகத்தில் எழுதிக்காட்டுவார். பொம்மை எவ்வளவு தூரம் சாய்ந்தது என்று நாம் அளந்து பார்க்க முடிகிறது. ராஜ்குமாரோ சாய்ந்ததை ஏறத்தாழ மறைத்துவிட்டு நிமிர்ந்ததை மட்டும் காட்டுகிறார். சாய்ந்த தூரத்தை நாமே ஊகிக்கவேண்டும். ஒரே பாத்திரத்துக்கு இவ்விரு வழிகளும் இடம் தருகின்றன.

தலைப்புகளும் கவனிக்கத் தக்கவை. தமிழ்த் தலைப்பு மனிதனைப் பெயரிடுகிறது. கதையில் மாறாதது எதுவோ அதைச் சுட்டுகிறது. தீர்ப்பையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கன்னடத் தலைப்பு வீட்டைப் பெயரிடுகிறது. கதையில் கைமாறுவது எதுவோ அதையே சுட்டுகிறது. யார் அங்கே குடியிருந்தாலும் வாயிலில் அந்தப் பெயர் இருக்கும். கஸ்தூரி என்பதோ, வைத்த பேழை காலியான பின்னும் மணக்கும் பொருள். மனிதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத அத்தலைப்பு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2006-ஆம் ஆண்டில் ராஜ்குமார் பெங்களூரில் காலமானார். கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட 'கஸ்தூரி நிவாஸ'வுக்கு 2014-இல் வண்ணம் ஊட்டித் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட்டனர். படம் முதலில் வந்தபோது இருந்த பெங்களூருக்கும் அந்தப் பெங்களூருக்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. சுவர்களுக்கும் ஆடைகளுக்கும் புதிய நிறம் வந்திருந்தது. நீலா வந்து அமர்ந்தாள், விருந்து பரிமாறப்பட்டது, அவள் புறாவைக் கேட்டாள்.